வார இறுதி ஸ்டால் முடிந்த பிறகு போடும் நன்றி கேப்ஷன்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நானும் என் நாத்தனாரும் கோவையில் வீட்டிலேயே பொடி, தொக்கு, ஊறுகாய் செய்து வார இறுதிச் சந்தைகளில் ஸ்டால் போடுகிறோம். இன்ஸ்டாகிராம் பக்கத்தில் கேப்ஷன் எழுதுவது என் வேலை. பக்கத்து ஸ்டால்காரர்கள் மாறி மாறிக் கேட்டவற்றுக்கு நான் சொன்ன பதில்களை இங்கே எழுதி வைத்திருக்கிறேன். சோப்பு, துணிப்பை, செடி என்று எது விற்றாலும் பெரும்பாலும் இதே கதைதான். ஆனால் எனக்குத் தெரிந்தது பொடிக்கடை, அதனால் உதாரணம் எல்லாம் அதிலிருந்தே வரும்.

நன்றிக்கு ஒரு போஸ்ட், தேதிக்கு ஒரு போஸ்ட்னு தனித்தனியா போடணுமா?

வேண்டாம். இரண்டும் ஒரே கேப்ஷனில் இருப்பதுதான் நல்லது. நன்றி போஸ்டை யார் பார்க்கிறார்கள் என்று யோசித்துப் பாருங்கள். ஸ்டாலுக்கு வந்து வாங்கியவர் தன்னைப் பற்றி ஏதாவது எழுதியிருக்கிறார்களா என்று பார்க்கிறார். வர முடியாமல் போனவர் 'அடடா, விட்டுவிட்டோமே' என்று பார்க்கிறார். முதலாமவருக்கு வாங்கின பாட்டில் காலியாகும்போது எங்கே வர வேண்டும் என்று தெரிய வேண்டும். இரண்டாமவருக்கு உடனே தெரிய வேண்டும். இருவருக்கும் அந்த நேரத்தில் தேவைப்படுவது அடுத்த தேதிதான். அதை மூன்று நாள் கழித்து வேறு போஸ்டில் சொன்னால், இதைப் பார்த்தவர்களில் பாதிப்பேர் கண்ணில் அது படாமலே போய்விடலாம்.

தேதிக்கு முந்தைய வியாழக்கிழமை ஒரு நினைவூட்டல் ஸ்டோரி போடுகிறோம். அது இதற்குத் துணைதான், இதற்குப் பதில் அல்ல. ஸ்டோரி 24 மணி நேரத்தில் மறைந்துவிடும். கேப்ஷன் அங்கேயே இருக்கும்.

முதல் வரியில என்ன வரணும்? நன்றியா, தேதியா?

இரண்டும் வர வேண்டும், அதுவும் மிகச் சுருக்கமாக. இதை மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். பெரும்பாலான ஸ்டால்காரர்கள் கோட்டை விடும் இடம் இதுதான்.

இன்ஸ்டாகிராமில் ஒரு கேப்ஷனுக்கு 2,200 குறிகள் வரை இடம் உண்டு. ஆனால் ஃபீடில் விரலால் தள்ளிக்கொண்டு போகிறவருக்குக் கண்ணில் படுவது முதல் 125 குறிகள் அளவுதான். போனைப் பொறுத்து இது கொஞ்சம் கூடும், குறையும். அதன் பிறகு `... more` என்று வந்துவிடும். அதைத் தொட்டால்தான் மீதி தெரியும். தொடுகிறவர்கள் குறைவு.

தமிழில் எழுதுகிறவர்களுக்கு இன்னொரு சிக்கலும் இருக்கிறது. நாம் எழுத்து என்று எண்ணுவதும் போன் குறி என்று எண்ணுவதும் ஒன்றல்ல. 'நன்றி' என்பது நமக்கு மூன்று எழுத்து. போனுக்கு ந, ன, புள்ளி, ற, இகர அடையாளம் என்று ஐந்து குறி. ஆகவே 125 என்பது தமிழில் ஏறக்குறைய பதினைந்து சொல்லுக்குள் தீர்ந்துவிடும்.

சந்தைகளுக்குப் பிறகு அடிக்கடி கண்ணில் படும் மாதிரி ஒன்றைப் பாருங்கள்:

> வணக்கம் நண்பர்களே! கடந்த வார இறுதியில் எங்கள் ஸ்டாலுக்கு வருகை தந்து பேராதரவு அளித்த அனைவருக்கும் எங்கள் மனமார்ந்த நன்றிகளைத் தெரிவித்துக்கொள்கிறோம். உங்கள் அன்பும் ஆதரவும் என்றும் தொடர வேண்டும். விரைவில் அடுத்த ஸ்டாலில் சந்திப்போம்!

ஒவ்வொரு குறியாக எண்ணிப் பார்த்தேன். 'நன்றிகளைத்' என்ற சொல்லோடு 125 முடிந்துவிடுகிறது. 'தெரிவித்துக்கொள்கிறோம்' கூட உள்ளே வரவில்லை. அதாவது இடம் முழுவதையும் வணக்கமும் வருகையும் பேராதரவும் தின்றுவிட்டன. எந்த ஊர், என்ன பொருள், அடுத்து எப்போது என்பது எதுவுமே கண்ணில் படாது. முழுதாகத் திறந்து படித்தாலும் கடைசியில் கிடைப்பது 'விரைவில்' மட்டும்தான்.

இப்போது இதைப் பாருங்கள்:

> நன்றி கோவை! அடுத்து சனி, ஆகஸ்ட் 8, வடவள்ளி.

இது 43 குறிதான். நன்றியும் இருக்கிறது, ஊரும் இருக்கிறது, கிழமையும் தேதியும் இடமும் இருக்கின்றன. எந்த போனிலும் இது வெட்டுப்படாது. விவரமெல்லாம் கீழே வரட்டும். படிக்க விரும்புகிறவர் திறந்து படிப்பார். திறக்காதவருக்கும் வேண்டியது கிடைத்துவிட்டது.

'அடுத்த சனிக்கிழமை'ன்னு எழுதினா புரியாதா?

எழுதுகிற உங்களுக்குப் புரியும். ஞாயிறு இரவு நீங்கள் 'அடுத்த சனி' என்று எழுதினால், ஒருவர் ஆறு நாளில் வரும் சனியை எடுத்துக்கொள்வார், இன்னொருவர் அதைத் தாண்டி அதற்கு அடுத்ததை எடுத்துக்கொள்வார். எங்கள் வீட்டிலேயே இதில் ஒத்துப்போவதில்லை. என் நாத்தனாருக்கு அருகில் வருவது 'வர்ற சனி', அதற்கடுத்ததுதான் 'அடுத்த சனி'. எனக்கு அப்படி இல்லை.

இதைவிடப் பெரிய சிக்கல், இன்ஸ்டாகிராம் போஸ்டுகளைப் போட்ட வரிசையில் காட்டுவதில்லை என்பது. ஞாயிறு போட்டதை ஒருவர் புதன்கிழமை பார்ப்பார், இன்னொருவர் பத்து நாள் கழித்துப் பார்ப்பார். 'நாளை', 'இந்த வாரம்', 'அடுத்த சனி' போன்ற சொற்கள் போட்ட மறுநாளே பழசாகத் தொடங்கிவிடும். ஸ்டோரியில் இவற்றை எழுதலாம். கேப்ஷனில் கூடாது.

கிழமை, மாதப் பெயர், தேதி மூன்றையும் எழுதுங்கள்: 'சனி, ஆகஸ்ட் 8'. '8/8' என்றால் குழப்பமில்லை, ஆனால் '7/8' என்று வந்தால் அமெரிக்காவில் இருக்கும் மகள் அதை ஜூலை 8 என்று படித்து இங்கே இருக்கும் அம்மாவிடம் அப்படியே சொல்வாள். எங்கள் வாடிக்கையாளர்களில் இப்படிப் பிள்ளைகள் பார்த்துச் சொல்லி வருகிற அம்மாக்கள் நிறையப் பேர்.

கிழமையையும் சேர்த்து எழுதுவதில் இன்னொரு பயன் உண்டு. தேதியில் தவறு செய்தால் கிழமை காட்டிக்கொடுத்துவிடும். போன வருடத்துக் கேப்ஷனை நகலெடுத்துத் திருத்தும்போதுதான் இந்தத் தவறு வரும், ஏனென்றால் அதே தேதி இந்த வருடம் ஒரு கிழமை தள்ளி விழும். 2025-இல் ஆகஸ்ட் 8 வெள்ளி, 2026-இல் சனி. போஸ்ட் செய்வதற்கு முன் காலண்டரைத் திறந்து கிழமையும் தேதியும் பொருந்துகின்றனவா என்று பாருங்கள். நான் சமையலறையில் மாட்டியிருக்கும் தினசரி நாட்காட்டியைப் பார்க்கிறேன். அதில் முகூர்த்த நாளும் இருப்பதால் அன்று கூட்டம் எப்படியிருக்கும் என்றும் ஓரளவு தெரிந்துவிடும்.

நன்றி சொன்னா எல்லாரும் எழுதுற மாதிரியே வருது. எப்படி மாத்துறது?

உங்கள் ஸ்டாலில் அந்த இரண்டு நாளில் மட்டும் நடந்த ஒன்றை எழுதுங்கள். வேறு எந்த வாரத்துக்கும் வேறு எந்தக் கடைக்கும் பொருந்தாத ஒன்றாக அது இருக்க வேண்டும். 'தூறலில் குடையோடு நின்றவர்களுக்கு நன்றி' என்றால், நின்றவருக்கு அது தன்னைத்தான் என்று தெரியும். 'பேராதரவு அளித்த அனைவருக்கும்' என்றால் யாரும் தன்னை அதில் பார்க்க மாட்டார்கள்.

ஞாயிறு இரவு வீட்டுக்கு வந்து உட்கார்ந்து யோசித்தால் எதுவும் நினைவுக்கு வராது. உடம்பு அவ்வளவு அசந்திருக்கும். ஆகவே ஸ்டாலில் இருக்கும்போதே பில் புத்தகத்தின் பின்பக்கம் குறித்துக்கொள்கிறேன். யாராவது ருசி பார்த்து ஏதாவது சொன்னால் அதை அப்படியே அவர்கள் வார்த்தையில் எழுதிவிடுவேன். இல்லாத பொருளை யாராவது கேட்டால் ஒரு கோடு போடுவேன். இந்தக் கோடுகள் கேப்ஷனுக்கும் உதவும், அடுத்த வாரம் எவ்வளவு அரைப்பது என்பதற்கும் உதவும்.

ஒரு பாராட்டும் ஒரு குறையும் சேர்ந்து வந்தால் நான் குறையைத்தான் எழுதுவேன். உப்பு அதிகம் என்று சொன்னவருக்கு 'நீங்கள் சொன்னீர்கள், குறைத்திருக்கிறோம்' என்பதைவிடப் பெரிய நன்றி இல்லை. அவர் திரும்ப வருவார். அவர் சொன்னது உண்மையிலேயே குறைந்திருக்கிறதா என்று பார்க்கவாவது வருவார்.

முழு கேப்ஷன் ஒண்ணு காட்டுங்களேன்.

ஆர்.எஸ். புரத்தில் ஜூலை 18, 19 சனி, ஞாயிறு ஸ்டால் போட்டதாக வைத்துக்கொள்வோம். ஞாயிறு இரவு போடும் கேப்ஷன் இப்படி இருக்கும்:

> நன்றி கோவை! அடுத்து சனி, ஆகஸ்ட் 8, வடவள்ளி.
>
> ஆர்.எஸ். புரத்தில் ஜூலை 18, 19 இரண்டு நாளும் தூறலில் குடையோடு நின்று வாங்கிய உங்களுக்கு நன்றி. பூண்டுத் தொக்கு 40 பாட்டில் கொண்டுவந்தோம், ஞாயிறு காலை 11 மணிக்கே தீர்ந்துவிட்டது. அதன் பிறகு தேடி வந்து வெறுங்கையோடு போனவர்களே, மன்னித்துக்கொள்ளுங்கள். வடவள்ளிக்கு 65 பாட்டில் கொண்டு வருகிறோம்.
>
> கறிவேப்பிலைப் பொடியில் உப்பு தூக்கல் என்று மூன்று பேர் சொன்னீர்கள். அடுத்து அரைப்பதில் குறைக்கிறோம். வந்து ருசி பார்த்துச் சொல்லுங்கள்.
>
> அடுத்த ஸ்டால்கள்:
> சனி, ஆகஸ்ட் 8: வடவள்ளி, மாலை 4 முதல் இரவு 9 வரை
> சனி, ஞாயிறு, ஆகஸ்ட் 22, 23: ஆர்.எஸ். புரம், அதே பள்ளி மைதானம், காலை 7 முதல் பகல் 1 வரை. நுழைந்ததும் இடப்பக்கம், வேப்பமரத்தடி.
>
> தொக்கு எடுத்துவைக்க வேண்டுமென்றால் ஆகஸ்ட் 6 வியாழன் இரவுக்குள் மெசேஜ் செய்யுங்கள்.

இதில் சில விஷயங்களைக் கவனியுங்கள். தேதிகள் எல்லாம் ஒரே இடத்தில், ஒன்றின் கீழ் ஒன்றாக இருக்கின்றன. இன்ஸ்டாகிராம் ஆப்பில் கேப்ஷனை நகலெடுப்பது எளிதல்ல என்பதால் மக்கள் ஸ்கிரீன்ஷாட் எடுத்துத்தான் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போடுகிறார்கள். ஒரு தேதி மேலேயும் இன்னொன்று கீழேயும் கிடந்தால் ஒன்று ஸ்கிரீன்ஷாட்டில் விடுபட்டுப் போகும்.

நேரத்துக்கு முன்னால் காலை, மாலை என்று எழுதியிருப்பது வேண்டுமென்றே செய்தது. '7 முதல் 1' என்று மட்டும் போட்டதற்கு மாலை 7 மணிக்கு ஒருவர் பூட்டிய மைதானத்தின் முன் நின்று போன் செய்தார்.

ஸ்டால் எண்ணுக்குப் பதில் வேப்பமரம் என்று எழுதியதற்கும் காரணம் உண்டு. ஸ்டால் எண்ணை ஏற்பாட்டாளர்கள் பெரும்பாலும் கடைசி நாளில்தான் தருவார்கள், வந்தவர்களும் எண்ணைத் தேடுவதில்லை. மரம், தண்ணீர்த் தொட்டி, மேடை எல்லாம் தூரத்திலிருந்தே தெரியும். வடவள்ளியில் எங்கள் ஸ்டால் எந்தப் பக்கம் என்று இன்னும் ஒதுக்கவில்லை என்பதால் அங்கே எதையும் எழுதவில்லை. தெரிந்த பிறகு சேர்த்துக்கொள்ளலாம்.

கூகுள் மேப் லிங்க் இல்லாததைச் சிலர் கேட்பார்கள். கேப்ஷனில் போடும் லிங்க்கைத் தொட்டால் திறக்காது, நீளமான எழுத்தாக இடத்தை மட்டும் அடைக்கும். லிங்க்கைப் பக்கத்தின் பயோவில் வைத்துவிட்டு, போஸ்டில் இருப்பிடத்தைச் சேர்த்துவிடுங்கள்.

சரக்கு தீர்ந்துபோச்சு. திரும்பிப் போனவங்களுக்கு என்ன சொல்றது?

'சோல்டு அவுட்! உங்கள் அன்புக்கு நன்றி!' என்று மட்டும் போடாதீர்கள். வாங்கியவருக்கு அது சந்தோஷமாக இருக்கும். போத்தனூரிலிருந்து பஸ் பிடித்து வந்து கிடைக்காமல் போனவருக்கு மனம் வலிக்கும். அவருக்குச் சொல்ல வேண்டியது மூன்று: எத்தனை மணிக்குத் தீர்ந்தது, மன்னிப்பு, அடுத்த முறை எவ்வளவு வருகிறது.

தீர்ந்த நேரத்தைச் சொன்னால் அடுத்த முறை எப்போது கிளம்ப வேண்டும் என்று அவரே முடிவு செய்துகொள்வார். எவ்வளவு வருகிறது என்பதற்கு ஒரு கணக்கு வேண்டும். மேலே 65 என்று போட்டது எப்படி என்றால், 40 விற்றது, தீர்ந்த பிறகு தொக்கு கேட்டவர்களுக்குப் பில் புத்தகத்தில் 23 கோடு. கூட்டினால் 63, அதை 65 ஆக்கினேன். இதைவிடக் கூட்டிச் சொல்ல ஆசையாக இருக்கும். ஆனால் 65 பாட்டிலுக்கான பூண்டை உரிக்க எங்கள் வீட்டில் இரண்டு பேருக்கு ஒரு முழு நாள் போகும். 100 என்று எழுதிவிட்டு 60 கொண்டு போனால் அடுத்த முறை நம் கேப்ஷனை யார் நம்புவார்கள்?

எடுத்துவைக்கும் வசதி கொடுத்தால் அதற்கு ஒரு கடைசி நாளையும் சேர்த்து எழுதுங்கள். இல்லையென்றால் ஸ்டால் நாள் காலை வரை மெசேஜ் வந்துகொண்டே இருக்கும். பாட்டில்களை அடுக்கிக்கொண்டே பதிலும் போட முடியாது. எங்களுக்கு சனிக்கிழமை ஸ்டால் என்றால் வியாழன் இரவு சரியாக இருக்கிறது. வெள்ளிக்கிழமைதான் பாட்டிலில் அடைக்கிறோம், அப்போது எண்ணிக்கை கையில் இருக்கும்.

தேதி இன்னும் உறுதியாகல. கிட்டத்தட்ட முடிவாயிடுச்சு. போட்டுடலாமா?

போடாதீர்கள். எங்களுக்கு உறுதி என்றால் ஸ்டால் வாடகை கட்டி, ஏற்பாட்டாளரிடமிருந்து தேதியும் நேரமும் சந்தை நடக்கும் இடமும் எழுத்தில் வந்திருக்க வேண்டும். போனில் 'கண்டிப்பா உங்களுக்கு இடம் இருக்குக்கா' என்று சொல்வது உறுதியாகாது.

அதற்காக எதுவும் சொல்லாமலும் இருக்க வேண்டாம். உறுதியான தேதியை முதல் வரியில் எழுதுங்கள். உறுதியாகாததைப் பட்டியலின் கடைசியில், 'செப்டம்பரில் ஒரு ஸ்டால், தேதி முடிவானதும் இங்கேயே சேர்க்கிறோம்' என்று எழுதுங்கள். உறுதியான தேதி ஒன்றுகூட இல்லையென்றால், எப்போது சொல்வீர்கள் என்ற தேதியைக் கொடுங்கள்: 'அடுத்த தேதியை ஜூலை 27 திங்களன்று சொல்கிறோம்.' 'விரைவில்' என்பதைவிட இது நூறு மடங்கு மேல். ஆனால் அந்தத் திங்களன்று கட்டாயம் சொல்ல வேண்டும். அப்போதும் முடிவாகவில்லை என்றால், முடிவாகவில்லை என்பதையாவது சொல்ல வேண்டும்.

போட்ட பிறகு தேதி மாறிடுச்சு. போஸ்ட்டை டெலீட் பண்ணிடலாமா?

எனக்கு இது நடந்தது. முதல் வருடம் ஒரு சந்தையில் இடம் கிடைத்துவிட்டது என்று நம்பி, நன்றி கேப்ஷனிலேயே தேதியைப் போட்டுவிட்டேன். நான்கு நாள் கழித்து மழையைக் காரணம் காட்டி ஒரு வாரம் தள்ளிவைத்தார்கள். பதறிப்போய்ப் போஸ்டை டெலீட் செய்தேன். அப்புறம் புதிய தேதியோடு வேறு ஒன்று போட்டேன். பழைய தேதியன்று ஐந்தாறு பேர் அந்த மைதானத்துக்குப் போய் நின்றார்கள். அவர்களில் ஒருவர் வயதான ஐயா, மகள் அனுப்பிய ஸ்கிரீன்ஷாட்டைக் கையில் வைத்திருந்தார். ஸ்கிரீன்ஷாட்டை யாராலும் டெலீட் செய்ய முடியாது. எனக்கு அன்று பட்ட வருத்தம் இன்னும் இருக்கிறது.

டெலீட் செய்தால் அந்தப் போஸ்டை யாராவது பகிர்ந்திருந்தால் அந்த லிங்க் செத்துவிடும். அதைத் தொடுகிறவருக்கு மாற்றம் நடந்தது தெரியாது, எதுவுமே தெரியாது. அதனால் போஸ்டை வைத்துக்கொண்டே திருத்துங்கள். மூன்று புள்ளியைத் தொட்டு `Edit` போனால் கேப்ஷனை எத்தனை முறை வேண்டுமானாலும் மாற்றலாம். முதல் வரியை இப்படி ஆக்குங்கள்:

> தேதி மாற்றம்: ஆகஸ்ட் 8 இல்லை. சனி, ஆகஸ்ட் 15, வடவள்ளி.

பழைய தேதியையும் 'இல்லை' என்று சேர்த்து எழுதுவது முக்கியம். புதிய தேதியை மட்டும் போட்டால், பழையதை நினைவில் வைத்திருப்பவர் இரண்டு தேதியிலும் ஸ்டால் உண்டு போலிருக்கிறது என்று எடுத்துக்கொள்வார்.

கேப்ஷனைத் திருத்தினால் யாருக்கும் அறிவிப்பு போகாது. ஏற்கெனவே படித்துவிட்டவர் திரும்ப வந்து பார்க்க மாட்டார். அவருக்காக அன்றே ஒரு ஸ்டோரி, மாற்றத்துக்கென்றே ஒரு புதிய போஸ்ட், பழைய போஸ்டில் ஒரு கமெண்ட் எழுதி அது மேலேயே நிற்கும்படி பின் செய்வது என்று மூன்றையும் செய்யுங்கள். எடுத்துவைக்கச் சொன்னவர்களுக்குத் தனித்தனியாக மெசேஜ் அனுப்புங்கள். அவர்கள் உங்களை நம்பிப் பெயர் கொடுத்தவர்கள். இத்தனைக்குப் பிறகும் பழைய தேதியன்று, முடிந்தால், வீட்டிலிருந்து ஒருவர் அந்த இடத்துக்குப் போய் முதல் ஒரு மணி நேரம் நிற்பது நல்லது. பையில் பத்துப் பாட்டிலும் இருக்கட்டும்.

தேதியை அழகா போஸ்டர்ல போட்டா கேப்ஷன்ல எழுதணுமா?

எழுத வேண்டும். போட்ட படத்தை மாற்ற முடியாது, கேப்ஷனை மட்டும்தான் மாற்ற முடியும். தேதி படத்தில் மட்டும் இருந்தால் அது மாறும்போது கையைப் பிசைந்துகொண்டு நிற்க வேண்டியதுதான். பார்வையில்லாதவர்கள் பயன்படுத்தும் திரை வாசிப்பான் கேப்ஷனை நன்றாகப் படிக்கும், படத்தில் இருக்கும் தமிழ் எழுத்தை நம்ப முடியாது.

போஸ்டர் வேண்டும் என்றால் நான்கைந்து படங்களாகப் போட்டு, போஸ்டரைக் கடைசிப் படமாக வையுங்கள். தேதி மாறினால் அந்த ஒரு படத்தை மட்டும் நீக்கிவிடலாம். முதல் படம் ஸ்டாலாகவே இருக்கட்டும். எங்களுக்கு எப்போதும் எடுபடுவது சனிக்கிழமை காலையில், ஆட்கள் வருவதற்கு முன், எல்லாப் பாட்டிலும் நிறைந்திருக்கும்போது எடுத்த படம்தான். ஞாயிறு மதியம் எடுத்தால் காலி மேசையும் அட்டைப்பெட்டியும்தான் இருக்கும்.

வாடிக்கையாளர் படத்தைப் போட்டு நன்றி சொல்லலாமா?

கேட்டுவிட்டுப் போடுங்கள். எடுக்கும்போதே 'அக்கா, இன்ஸ்டாகிராம்ல போடலாமா?' என்று கேட்டுவிட்டால் வேலை முடிந்தது. அப்போது கேட்க மறந்திருந்தால் முகம் தெரியாத படத்தைப் போடுங்கள்: பாட்டிலை வாங்கும் கை, பையில் எட்டிப்பார்க்கும் மூடி, முதுகுப்பக்கம் தெரியும் கூட்டம். குழந்தைகள் முகம் என்றால் பெற்றோர் சரி என்று சொன்னால் மட்டும். பெயரும் அப்படித்தான். டேக் செய்யச் சொன்னவர்களை மட்டும் டேக் செய்கிறோம்.

தமிழ்ல எழுதுறதா, இங்கிலீஷ்லயா?

உங்கள் ஸ்டாலில் வாடிக்கையாளரோடு எந்த மொழியில் பேசினீர்களோ அதில் எழுதுங்கள். எங்களுக்கு அது தமிழ். ஆனால் ஆர்.எஸ். புரத்தில் தமிழ் பேசத் தெரிந்தும் படிக்க வராதவர்கள் நிறைய வருவார்கள். அவர்களுக்காகத் தேதிப் பட்டியலை மட்டும் கீழே ஆங்கிலத்திலும் ஒருமுறை எழுதுகிறோம். நன்றியை மொழிபெயர்ப்பதில்லை. அதை மொழிபெயர்த்தால் இரண்டு பக்கமும் உப்புச்சப்பில்லாமல் போகிறது.

வியாபாரம் சுமார்தான் ஆச்சு. அப்பவும் நன்றி போடணுமா?

போட வேண்டும். பன்னிரண்டு பேர்தான் வந்தார்கள் என்றால் பன்னிரண்டு பேருக்கு நன்றி சொல்லுங்கள். கூட்டம் அலைமோதியது போல் எழுத வேண்டாம். வந்த பன்னிரண்டு பேருக்கும் மைதானம் எப்படி இருந்தது என்று தெரியும். 'மழையில் நாங்களே சந்தேகத்தோடுதான் கடை விரித்தோம், நீங்கள் வந்தீர்கள்' என்று எழுதிய ஒரு கேப்ஷனுக்குத்தான் எங்களுக்கு அந்த வருடம் மெசேஜ்கள் அதிகம் வந்தன.

தேதி முடிஞ்ச பிறகு பழைய கேப்ஷனை என்ன பண்றது?

முதல் வரியை மட்டும் மாற்றுங்கள். ஆகஸ்ட் 8 முடிந்ததும் ஒன்பதாம் தேதி காலை அதை 'அடுத்து சனி, ஞாயிறு, ஆகஸ்ட் 22, 23, ஆர்.எஸ். புரம்' என்று ஆக்கிவிடுகிறேன். பக்கத்தின் மேலே மூன்று போஸ்டுகள் வரை பின் செய்துவைக்கலாம். அதில் ஒன்று எப்போதும் தேதி இருக்கும் போஸ்ட். புதிதாகப் பக்கத்துக்கு வருகிறவர் முதலில் பார்ப்பது அதைத்தான். அங்கே போன மாதத் தேதி நின்றால் கடையை மூடிவிட்டார்கள் என்று நினைத்துக்கொள்வார்.

கேப்ஷன் சரியா வேலை செஞ்சுதான்னு எப்படித் தெரியும்?

லைக் எண்ணிக்கையைப் பார்த்தால் தெரியாது. கமெண்டையும் மெசேஜையும் பாருங்கள். 'எங்கே?', 'எப்போ?', 'எத்தனை மணிக்கு?' என்ற கேள்விகள் வந்தால் கேப்ஷனில் அது இல்லை, அல்லது கண்ணில் படும் இடத்தில் இல்லை. அப்படி வரும் ஒவ்வொரு கேள்விக்கும் பதில் போட்டுவிட்டு, அந்தப் பதிலை உடனே கேப்ஷனிலும் சேர்த்துவிடுகிறேன். 'பூண்டுத் தொக்கு ரெண்டு எடுத்துவைங்க' என்று மெசேஜ் வந்தால், படித்தவருக்கு எல்லாம் புரிந்துவிட்டது. பில் புத்தகத்தில் பெயரை எழுதிக்கொள்ளலாம்.